டூட்டிக்கு ஐயாயிரம்: கைக்கு வருவது எவ்வளவு?

"எம்பிபிஎஸ் டூட்டி டாக்டர் தேவை. இரவு 8 முதல் காலை 8 வரை. ஒரு டூட்டிக்கு 5,000. டிராவல் தனி. டிடிஎஸ் உண்டு."

டாக்டர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஓர் அழைப்பு வராத நாளே கிடையாது. ஊர் மட்டும் மாறும்: புதுக்கோட்டை, கரூர், பெரம்பலூர், திண்டுக்கல். விடுப்பில் போன டாக்டருக்குப் பதிலாகவோ, நிரந்தர ஆள் கிடைக்காத இடத்தை நிரப்பவோ, சில மணி நேரத்துக்கு மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்தான் லோகம் டாக்டர். மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே செலவுக்குச் சம்பாதிக்கும் இளைஞர்கள் இதில் நிறைய. சிறிய மருத்துவமனைகளுக்கு அறுவை சிகிச்சை இருக்கும் நாளில் மட்டும் போய்வரும் மயக்கவியல் நிபுணர்களும் இதே வகைதான்.

அந்த அழைப்பில் பணத்தைப் பற்றி மூன்று விஷயங்கள் இருக்கின்றன: டூட்டிக் கட்டணம், பயணப் பணம், டிடிஎஸ். பெரும்பாலான டாக்டர்கள் முதலாவதைப் பேரம் பேசுகிறார்கள். இரண்டாவதைக் கொடுத்ததை வாங்கிக்கொள்கிறார்கள். மூன்றாவதைப் போன பணம் என்று தலை முழுகிவிடுகிறார்கள். உண்மையில் லோகம் டாக்டர் ஒருவரிடம் பிடிக்கப்படும் டிடிஎஸ், அவர் கட்டவேண்டிய வரியைவிடப் பெரும்பாலும் அதிகம். அந்த மிச்சம் அவருடைய பணம். எப்படி என்பதை ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

இங்கே வரும் எண்கள் 2025-26 நிதியாண்டுக்கானவை. பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் உள்ளவை. 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்துக்கு 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் வருவதால், அதற்குப் பிந்தைய வருமானத்துக்குப் பிரிவு எண்கள் வேறாக இருக்கும்.

மூன்று ஊர், மூன்று விதம்

திருச்சியில் குடியிருக்கும் ஒரு டாக்டரைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். எம்பிபிஎஸ் முடித்தவர். மாதம் 22 டூட்டி பார்க்கிறார்.

புதுக்கோட்டையில் ஒரு மருத்துவமனை, பிரைவேட் லிமிடெட் கம்பெனி. அங்கே மாதம் 12 இரவு டூட்டி. ஒன்றுக்கு 5,000 ரூபாய், பயணத்துக்கு 600. கரூரில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை. அங்கே 8 டூட்டி, ஒன்றுக்கு 4,500. பயணம் அதற்குள்ளேயே அடக்கம். மணப்பாறையில் ஒரு டாக்டர் சொந்தமாக நடத்தும் சிறிய நர்சிங் ஹோம். அவர் ஊருக்குப் போகும் நாட்களில் மாதம் 2 டூட்டி, ஒன்றுக்கு 4,000.

ஆண்டுக்குக் கட்டணம் மட்டும் கூட்டினால் புதுக்கோட்டையில் 7,20,000, கரூரில் 4,32,000, மணப்பாறையில் 96,000. மொத்தம் 12,48,000 ரூபாய்.

இந்த மூன்று இடங்களும் அவருக்கு ஒரே மாதிரி பணம் தருவதில்லை. புதுக்கோட்டையில் முதல் மாதத்திலிருந்தே பத்து சதவீதம் பிடிக்கிறார்கள். மணப்பாறையில் பிடிப்பதே இல்லை. கரூரில் ஏப்ரல் மாதம் 36,000 முழுதாக வந்தது. மே மாதம் 28,800தான் வந்தது. பதறிப்போய் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் போன் போட்டால் பதில் இப்படி வரும்: "லிமிட் தாண்டிடுச்சு மேடம். போன மாசத்துக்கும் சேத்துப் பிடிச்சிருக்கோம்."

மூவர் செய்வதற்கும் சட்டத்தில் காரணம் இருக்கிறது. தொழில்முறைக் கட்டணத்துக்கான பிரிவு 194ஜே. ஒரு மருத்துவமனை ஒரு டாக்டருக்கு ஓராண்டில் தரும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால் பத்து சதவீதம் பிடித்துத்தான் தரவேண்டும். 2025 மார்ச் வரை இந்த வரம்பு 30,000ஆக இருந்தது. தாண்டிய பிறகு, மேலே உள்ள தொகைக்கு மட்டுமல்ல, முதல் ரூபாயிலிருந்தே கணக்கு. கரூர் மருத்துவமனை ஏப்ரலில் 36,000 என்பதால் விட்டுவிட்டது. மே மாதம் மொத்தம் 72,000 ஆனதும் 7,200 ரூபாயை ஒரே மாதத்தில் பிடித்தது. அந்த மாதத்தில் மட்டும் இருபது சதவீதம் போனதுபோலத் தெரியும். ஜூனிலிருந்து 3,600தான் பிடிபடும், கைக்கு 32,400 வரும். ஆண்டில் வரம்பைத் தாண்டும் என்று தெரிந்தாலே ஆரம்பத்திலிருந்து பிடிக்கவேண்டும் என்பதுதான் சட்டத்தின் வாசகம். புதுக்கோட்டைக்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

மணப்பாறை கதை வேறு. மருத்துவமனையின் உரிமையாளர் தனிநபராக இருந்து, முந்தைய ஆண்டில் அவருடைய தொழில் வரவு 50 லட்சத்தைத் தாண்டாமல் இருந்தால், 194ஜேயின்படி பிடிக்கும் கடமை அவருக்கு இல்லை. பிடிக்கவில்லை என்பதற்காக அந்த 96,000 கணக்கில் வராத பணம் ஆகிவிடாது. வங்கியில் வந்தாலும் உறையில் போட்டுக் கையில் கொடுத்தாலும் அது வருமானம்தான். டாக்டர்தான் அதைத் தானாகக் காட்டவேண்டும்.

பான் எண்ணைத் தராவிட்டாலும், ஆதாருடன் இணைக்காததால் பான் செயலிழந்திருந்தாலும் பத்து இருபதாகிவிடும். புதிதாகப் பட்டம் வாங்கி வந்தவர்கள் முதல் டூட்டிக்குப் போகும் முன்பே பார்த்துவிடவேண்டிய விஷயம் இது.

சம்பளமா, கட்டணமா?

பிடிக்கப்படும் தொகை எந்தப் பிரிவில் பிடிக்கப்படுகிறது என்பதை டாக்டர்கள் கேட்பதே இல்லை. கேட்கவேண்டும். மருத்துவமனை உங்களைத் தன் ஊழியராகப் பதிந்தால் அது சம்பளம், பிரிவு 192. ஆண்டு முடிவில் படிவம் 16 தருவார்கள். தொழில்முறையாளராகப் பதிந்தால் அது கட்டணம், பிரிவு 194ஜே. அதற்குப் படிவம் 16ஏ.

எதை எப்படி அழைக்கிறார்கள் என்பதைவிட வேலை எப்படி நடக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். மாதச் சம்பளம், விடுப்புக் கணக்கு, பிஎஃப், வேறு இடத்தில் வேலை பார்க்கக் கூடாது என்ற நிபந்தனை எல்லாம் இருந்தால் அது ஊழியர் உறவு. வந்த டூட்டிக்கு மட்டும் பணம், வராத நாளுக்கு ஒன்றுமில்லை, மறுநாள் வேறு மருத்துவமனைக்குப் போகலாம் என்றால் அது தொழில்முறை. நம் திருச்சி டாக்டர் மூன்று இடத்துக்கும் தொழில்முறையாளர்தான்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், சம்பளக்காரருக்குப் புதிய வரி முறையில் 75,000 ரூபாய் நிலைக்கழிவு மட்டும்தான். தொழில்முறையாளருக்கோ 44ஏடிஏ என்ற பிரிவு இருக்கிறது. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருக்கும் டாக்டர், வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும் என்கிறது அது. மீதிப் பாதி செலவாகிவிட்டதாகச் சட்டமே எடுத்துக்கொள்கிறது. பெட்ரோல் பில், ஸ்டெதஸ்கோப் பில் எதையும் அடுக்கிவைத்துக் கணக்கு எழுதவேண்டியதில்லை. ரொக்கமாக வந்தது ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் இந்த வரம்பு 75 லட்சம் வரை நீளும்.

இதில் ஒரு எச்சரிக்கை. பாதி என்பது குறைந்தபட்சம். அதைவிட அதிகம் சம்பாதித்ததாகக் காட்டினால் அந்த அதிகத் தொகைக்குத்தான் வரி. பாதிக்கும் குறைவாகக் காட்ட விரும்பினால், வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டும் பட்சத்தில் கணக்குப் புத்தகமும் ஆடிட்டும் கட்டாயம். ஒரே ஊழியர் வேலையை 194ஜே பில்லாக மாற்றிக்கொண்டு இந்தச் சலுகையைக் கேட்டால், அந்த உறவு உண்மையில் என்ன என்று துறை கேள்வி கேட்கவும் இடமுண்டு.

பிடித்தது எவ்வளவு, கட்டவேண்டியது எவ்வளவு

இப்போது நம் டாக்டரின் கணக்கை முடிப்போம். பயணப் பணத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, கட்டணத்தை மட்டும் பார்க்கலாம்.

ஆண்டு வரவு 12,48,000. 44ஏடிஏ படி பாதி, அதாவது 6,24,000 வருமானம். புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. மீதி 2,24,000க்கு ஐந்து சதவீதம் என்றால் 11,200 ரூபாய். ஆனால் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ தள்ளுபடி அந்த 11,200ஐயும் அழித்துவிடுகிறது. கட்டவேண்டிய வரி பூஜ்ஜியம்.

பிடித்தது எவ்வளவு? புதுக்கோட்டையில் 72,000, கரூரில் 43,200. மொத்தம் 1,15,200 ரூபாய். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் இந்தத் தொகை முழுவதும் அவருடைய வங்கிக் கணக்குக்குத் திரும்பி வரவேண்டும். ஒரு இளம் டாக்டருக்கு இது சின்னத் தொகை அல்ல. ரிட்டர்ன் போடாமல் விட்டால் அது அரசிடமே நின்றுவிடும். "அதான் பிடிச்சிட்டாங்களே, அப்புறம் எதுக்கு ரிட்டர்ன்?" என்று கேட்கிறவர்கள் இழப்பது இதைத்தான்.

வேறு வருமானம் இல்லை, 44ஏடிஏ படி பாதியைக் காட்டுகிறார், புதிய வரி முறையில் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 24 லட்சம் வரவு வரை வரியே வராது. பாதி 12 லட்சம்தானே. அதற்கு மேலே போனாலும் நிலைமை தலைகீழாகிவிடாது. 50 லட்சம் வரவுக்கு வருமானம் 25 லட்சம். அதற்கு வரி, நான்கு சதவீத செஸ் உட்பட, 3,43,200. எல்லா மருத்துவமனையும் பத்து சதவீதம் பிடித்திருந்தால் கையில் இருக்கும் டிடிஎஸ் 5,00,000. 75 லட்சம் வரை போனால் வரி 7,33,200, டிடிஎஸ் 7,50,000. கடைசிக் கோடு வரை டிடிஎஸ்தான் முந்தி நிற்கிறது.

அப்படியென்றால் வரி பாக்கி விழுவது யாருக்கு? மணப்பாறை மாதிரி, பிடிக்காமல் தரும் இடங்களிலேயே அதிகம் வேலை பார்ப்பவருக்கு. ஆண்டின் பாதியில் எங்காவது சம்பளத்தில் சேர்ந்தவருக்கு. வட்டி, வாடகை, பங்கு விற்ற லாபம் என்று வேறு வரவு உள்ளவருக்கு. டிடிஎஸ் கழித்த பிறகும் 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வரி நின்றால் அவர் முன்கூட்டியே வரி கட்டவேண்டும். மற்றவர்களுக்கு நான்கு தவணை என்றால், 44ஏடிஏ வழியில் போகிறவருக்கு ஒரே தவணை. கடைசி நாள் மார்ச் 15. தவறினால் மாதம் ஒரு சதவீத வட்டி.

600 ரூபாயின் பயணம்

இனி, ஒதுக்கிவைத்த பயணப் பணத்துக்கு வரலாம். லோகம் டாக்டர்களின் கணக்கில் மிகவும் குழப்பம் நிறைந்த இடம் இதுதான். "செலவு செஞ்ச காசைத்தானே திருப்பித் தர்றாங்க, அதுல என்ன வரி?" என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் வரித்துறையின் பார்வை வேறு.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போய்வர நூறு கிலோமீட்டருக்கு மேல். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காரில் போனால் ஏழு லிட்டர் பெட்ரோலாவது ஆகும், எழுநூறு ரூபாயைத் தாண்டிவிடும். கொடுப்பது 600. அந்த 600ஐயும் கட்டணத்தோடு ஒரே பில்லில் போட்டால் அதிலும் பத்து சதவீதம் போய், 540தான் கைக்கு வரும். மாத பில் இப்படி இருக்கும்:

12 டூட்டி × 5,000 = 60,000
பயணம் 12 × 600 = 7,200
மொத்தம் = 67,200
டிடிஎஸ் 10% = 6,720
வங்கிக்கு வருவது = 60,480

ஒரே பில்லில் வந்தால், செலவுத் தொகையைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் டிடிஎஸ் பிடிக்க முடியாது என்று 1995ஆம் ஆண்டின் 715ஆம் எண் சுற்றறிக்கையிலேயே மத்திய நேரடி வரிகள் வாரியம் சொல்லிவிட்டது. அதனால் அக்கவுண்ட்ஸ் பிரிவு முழு 67,200க்கும் பிடிப்பதைக் குறை சொல்ல முடியாது.

சரி, பஸ் டிக்கெட்டையும் பெட்ரோல் பில்லையும் இணைத்துத் தனி பில்லாகக் கொடுத்துவிட்டால்? சில காலம் வரை பலர் அப்படித்தான் செய்தார்கள். 2022 ஜூலை 1 முதல் 194ஆர் என்ற புதிய பிரிவு நடைமுறைக்கு வந்தது. தொழில் செய்பவருக்கு இன்னொருவர் தரும் எந்தப் பலனுக்கும், ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால், பத்து சதவீத டிடிஎஸ் உண்டு என்பது அந்தப் பிரிவு. அதை விளக்கி வந்த 2022ஆம் ஆண்டின் 12ஆம் எண் சுற்றறிக்கை, பயணச் செலவையே உதாரணமாக எடுத்துக்கொண்டது. செலவுக்கான பில் சேவை தருபவரின் பெயரில் இருந்து, அதை வாடிக்கையாளர் திருப்பித் தந்தால் அது சேவை தருபவருக்குக் கிடைத்த பலன். பில் வாடிக்கையாளரின் பெயரிலேயே இருந்தால் அது வாடிக்கையாளரின் செலவு, பலன் கிடையாது. கட்டணத்தோடு சேர்த்து 194ஜேயில் ஏற்கெனவே பிடித்த தொகைக்கு மறுபடி 194ஆரில் பிடிக்கவேண்டியதில்லை என்று அடுத்து வந்த 18ஆம் எண் சுற்றறிக்கை தெளிவுபடுத்தியது.

நம் டாக்டருக்குப் புதுக்கோட்டையிலிருந்து ஆண்டுக்கு வரும் பயணப் பணம் 86,400. 20,000ஐ எப்போதோ தாண்டிவிட்டது. ஆகவே தன் பெயரில் உள்ள பில்லைத் தனியாகக் கொடுத்தாலும் பத்து சதவீதம் போகத்தான் செய்யும், பிரிவு எண் மட்டும்தான் மாறும்.

தப்பிக்க ஒரு வழி இருக்கிறது: பணம் டாக்டர் கை வழியாகப் போகாமல் இருப்பது. மருத்துவமனையே கார் அனுப்பலாம். அல்லது உள்ளூர் டாக்ஸிக்காரரிடம் சொல்லி, மருத்துவமனை பெயரில் மாத பில் வாங்கி, அவருக்கே நேராகப் பணம் தரலாம். அப்போது டாக்டரின் வரவில் பயணம் என்ற வரியே இருக்காது. சொந்தக் காரில் போகிறவருக்கும் பஸ்ஸில் போகிறவருக்கும் இது பொருந்தாது. அவர்கள் 600ஐ 'செலவைத் திருப்பித் தருவது' என்று நினைக்காமல், 5,600 ரூபாய்க் கட்டணம் என்றே நினைத்துப் பேரம் பேசுவது நல்லது.

இளம் டாக்டருக்கு இதனால் கடைசியில் நஷ்டமில்லை. பயணத்தில் பிடித்த 8,640 ரூபாயும் ரீஃபண்டில் திரும்பிவிடும், தாமதம் மட்டும்தான். ஏனென்றால் 86,400 சேர்ந்தாலும் வரவு 13,34,400, வருமானம் 6,67,200, வரி பூஜ்ஜியம்தான்.

வரி வரம்புக்குள் வந்துவிட்ட நிபுணருக்குத்தான் இது பணமாக வலிக்கும். நான்கைந்து ஊர்களுக்குப் போய்வரும் மயக்கவியல் நிபுணர் ஒருவரின் கட்டணம் ஆண்டுக்கு 36 லட்சம், பயணச் செலவு 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனைகளே காருக்குப் பணம் கொடுத்துவிட்டால் வரவு 36 லட்சம், வருமானம் 18 லட்சம், வரி செஸ்ஸோடு 1,66,400. அதே 3 லட்சத்தை அவரே வாங்கி அவரே செலவு செய்தால் வரவு 39 லட்சம், வருமானம் 19,50,000, வரி 1,97,600. அதே வேலை, அதே சாலை. வித்தியாசம் 31,200 ரூபாய். 44ஏடிஏயில் செலவு எல்லாம் அந்தப் பாதிக்குள்ளேயே அடங்கிவிட்டதாகக் கணக்கு என்பதால், பெட்ரோலுக்கே போன பணத்திலும் பாதி லாபமாகக் கருதப்படுகிறது.

பிடித்தார்கள், கட்டினார்களா?

மருத்துவமனை உங்களிடம் பிடித்த பணத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்டவேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, யாரிடம் எவ்வளவு பிடித்தோம் என்ற பட்டியலைப் பான் எண்ணோடு தாக்கல் செய்யவேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான பட்டியலுக்குக் கடைசி நாள் ஜூலை 31. அது தாக்கலான பிறகுதான் உங்கள் பெயரில் அந்தப் பணம் தெரியும். ஆகவே ஏப்ரலில் பிடித்த 6,000 ரூபாய் மே மாதம் காணவில்லை என்று பதறவேண்டாம். ஆகஸ்ட் பாதியிலும் காணவில்லை என்றால் கேட்கவேண்டும்.

பார்க்கும் இடம் வருமான வரி இணையதளத்தில் உள்ள 26ஏஎஸ் என்ற அறிக்கை. ஒவ்வொரு மருத்துவமனையின் பெயரிலும் கொடுத்த தொகை, பிடித்த தொகை, கட்டிய தொகை, பிரிவு எண் எல்லாம் அதில் இருக்கும். இதில் அடிக்கடி நடக்கும் தப்புகள் சில. பான் எண்ணில் ஓர் எழுத்து மாறி உங்கள் பணம் யாரோ ஒருவர் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். கட்டணமாகப் பேசியது 192இல் சம்பளமாக ஏறியிருக்கும். பிடித்தது உண்மை, ஆனால் கட்டாமலேயே இருப்பார்கள். முதல் இரண்டும் அக்கவுண்ட்ஸ் பிரிவு திருத்தப் பட்டியல் போட்டால் சரியாகிவிடும்.

மூன்றாவதுதான் சிக்கல். உங்களிடம் பிடித்துவிட்ட வரியை உங்களிடமே மறுபடி கேட்கக் கூடாது என்று பிரிவு 205 தெளிவாகச் சொல்கிறது. ஆனால் ரிட்டர்னைக் கணினிதான் சரிபார்க்கிறது, அது 26ஏஎஸ்ஸில் உள்ளதை மட்டும்தான் பார்க்கும். அங்கே இல்லாத தொகையை நீங்கள் உரிமை கோரினால், வரி பாக்கி என்று நோட்டீஸ் வரும். அப்போது கைகொடுப்பவை மாத பில், வங்கியில் வந்த நிகரத் தொகை, பிடித்ததைச் சொல்லும் மருத்துவமனையின் ரசீது அல்லது மின்னஞ்சல். டூட்டிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வந்துவிட்டால் போதாது. ஒவ்வொரு மாதமும் தேதி, நேரம், கட்டணம், பிடித்தம் நான்கும் எழுதிய ஒரு பில்லை அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்வது நல்லது.

மார்ச் மாதம் இன்னொரு வகையில் ஏமாற்றும். மார்ச் டூட்டிக்கான பணம் ஏப்ரல் 10ஆம் தேதி உங்கள் வங்கிக்கு வரலாம். ஆனால் மருத்துவமனை மார்ச் 31 அன்றே அதைத் தன் புத்தகத்தில் வரவு வைத்து டிடிஎஸ் பிடித்துவிடும். பணம் கொடுத்த நாளோ வரவு வைத்த நாளோ, எது முந்தியோ அதுதான் பிடிக்கும் நாள். ஆகவே வங்கிக் கணக்கைப் பார்த்து வரவைக் கூட்டினால் ஒரு தொகை வரும், 26ஏஎஸ்ஸில் வேறொரு தொகை இருக்கும். இதைச் சரிபார்க்காமல் குறைந்த தொகையைக் காட்டினால் கேள்வி வரும். 26ஏஎஸ்ஸில் எந்த ஆண்டில் இருக்கிறதோ அந்த ஆண்டிலேயே அந்த வரவைக் காட்டிவிடுவது பெரும்பாலோருக்கு எளிது. வரவை அடுத்த ஆண்டில் காட்டுகிறவர், அதற்கான டிடிஎஸ்ஸையும் அடுத்த ஆண்டுக்கே எடுத்துச் செல்லவேண்டும்.

ஜிஎஸ்டி பற்றிய பயத்துக்கு இடமில்லை. மருத்துவமனை அமர்த்தும் டாக்டரின் சேவையும் வரிவிலக்கு பெற்ற மருத்துவச் சேவைதான் என்று 2018 பிப்ரவரியில் வந்த சுற்றறிக்கை சொல்லிவிட்டது. லோகம் டாக்டர் பில்லில் 18 சதவீதம் சேர்க்கவேண்டியதில்லை.

பிடிப்பதற்கு முன்பே கேட்கலாம்

ஆண்டு முழுக்கப் பிடிக்கவிட்டுப் பிறகு ரீஃபண்டுக்குக் காத்திருப்பது ஒன்றுதான் வழியா? வங்கி வட்டிக்குத் தருவதுபோல 15ஜி படிவத்தை எழுதிக் கொடுத்தால் மருத்துவமனை பிடிக்காமல் விட்டுவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். 194ஜேக்கு அந்தப் படிவம் செல்லாது.

செல்லுபடியாவது பிரிவு 197. படிவம் 13இல் இந்த ஆண்டு வரவும் வரியும் இவ்வளவுதான் இருக்கும் என்று காட்டி, குறைந்த விகிதத்தில் அல்லது பிடிக்காமலே தரச்சொல்லி வருமான வரி அதிகாரியிடம் சான்றிதழ் கேட்கலாம். விண்ணப்பம் இணையத்திலேயே போகும். முந்தைய ஆண்டுகளின் ரிட்டர்ன்கள் அதற்கு அடிப்படை என்பதால், ஒருமுறையும் ரிட்டர்ன் போடாதவருக்குக் கிடைப்பது கடினம். சான்றிதழ் குறிப்பிட்ட மருத்துவமனைக்கும், குறிப்பிட்ட ஆண்டுக்கும், பெரும்பாலும் குறிப்பிட்ட தொகைக்கும்தான். புதிய ஊரில் புதிய டூட்டி ஏற்றால் அங்கே பழையபடி பத்து சதவீதம்தான். ஏற்கெனவே பிடித்ததை அது திருப்பித் தராது.

ஆகவே மாதம் ஓர் ஊர் என்று மாறிக்கொண்டே இருப்பவருக்கு அந்தச் சான்றிதழால் அதிகப் பயனில்லை. ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வாங்குவதே வழி. உரிய தேதிக்குள் போட்டால், திரும்ப வரும் தொகைக்கு ஏப்ரல் 1 முதல் மாதம் அரை சதவீத வட்டியும் சேர்ந்து வரும். தேதி தவறினால் அந்த வட்டி ரிட்டர்ன் போட்ட நாளிலிருந்துதான் கணக்காகும். ஒன்றிரண்டு மருத்துவமனைகளிலேயே ஆண்டு முழுக்க நிலையாகப் போகும் நிபுணர் என்றால், ஏப்ரல் மாதமே படிவம் 13ஐப் போட்டுவிடலாம். சான்றிதழ் ஜூலையில் வந்தால், அதற்கு முந்தைய மாதங்களில் பிடித்த பணம் ரீஃபண்டில்தான் வரும்.